ஒன்பது பேரில் ஏழு பேர் சொன்னதை மறுப்பது: ஒரு நிகழ்வு ஆய்வு

120 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். கணக்குப் பிரிவில் ஒருவருடைய மின்னஞ்சல் கணக்குக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்துவிடுகிறார். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்’ என்று மூன்று வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்தே கடிதம் போகிறது. அவர்களில் ஒருவர் சந்தேகப்பட்டுத் தொலைபேசியில் கேட்டதால் விஷயம் அன்றே வெளிப்பட்டது. பணம் எதுவும் போகவில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூட்டம். ஒன்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நிர்வாக அலுவலர் ஒரு யோசனை வைக்கிறார்: இப்போது 90 நாளுக்கு ஒருமுறை மாற்றும் கடவுச்சொல்லை இனி 30 நாளுக்கு ஒருமுறை எல்லாரும் மாற்ற வேண்டும். ஆறு பேர் உடனே ஆமோதிக்கிறார்கள்; அவரோடு சேர்த்து ஏழு பேர். ஒருவர் பேசவில்லை. கணினி உதவிப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மட்டும் இதில் உடன்பாடு இல்லை. பதவியிலும் வயதிலும் அந்த அறையில் இளையவர் அவர்தான்.

அவருடைய மறுப்பு எப்படி உருவானது, எங்கே சறுக்கியது, எவ்வளவு ஏற்கப்பட்டது என்பதுதான் இங்கே ஆராயப்படுகிறது. இந்த அலுவலகமும் ஆட்களும், இத்தகைய விவாதங்களில் வழக்கமாக நடப்பதைக் காட்டுவதற்காக அமைத்த மாதிரி. கடவுச்சொல் பற்றி வரும் வெளி ஆய்வுகளும் விதிகளும் உண்மையானவை.

கூட்டத்திலேயே மறுக்காதது

ஏழு பேர் வாய்விட்டு ஒப்புக்கொண்ட நிமிடத்தில் ஒருவர் எழுந்து ‘இது சரிவராது’ என்றால், அந்த ஏழு பேருக்கும் இரண்டே வழிதான். எல்லார் முன்னிலையிலும் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும். இல்லையென்றால் சொன்னதைக் காப்பாற்றச் சண்டை போட வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாவதைத்தான் செய்வார்கள், அதில் தப்பும் சொல்ல முடியாது. எனவே அவர் மறுக்காமல் நேரம் மட்டும் கேட்டார்:

“சார், அந்த வெளியாள் எப்படி உள்ளே வந்தார்னு உள்நுழைவுப் பதிவுல பார்த்துட்டு ஒரு பக்கம் எழுதித் தர்றேன். முடிவை அடுத்த வாரம் வெச்சுக்கலாமா? அதுவரைக்கும் கணக்குப் பிரிவுல எல்லாரும் இன்னைக்கே பாஸ்வேர்ட் மாத்திடட்டும்.”

கடைசி வாக்கியம்தான் இதில் முக்கியம். தள்ளிப்போடச் சொல்பவர், தள்ளிப்போடுவதால் வரும் ஆபத்தைத் தானே அடைத்துக் காட்டுகிறார். அது இல்லாமல் நேரம் மட்டும் கேட்டிருந்தால் தட்டிக்கழிப்பதாகவே தோன்றியிருக்கும். முடிவை உடனே எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகு மாற்ற முடியாது என்ற நிலையிருந்தால் இந்த வழி உதவாது. அங்கே அப்போதே பேசித்தான் ஆக வேண்டும். இங்கே அப்படியில்லை. ஒரு வாரம் கிடைத்தது.

முதல் வரைவு

அன்று மாலை அவர் எழுதியது இது:

“கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றினால் பாதுகாப்பு என்பது காலாவதியான நம்பிக்கை. உலகம் முழுக்க இதைக் கைவிட்டுவிட்டார்கள். 2003-இல் அமெரிக்க அரசு வழிகாட்டியில் இந்த அறிவுரையை எழுதிய பில் பர் என்பவரே 2017-இல் அதற்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஊழியர்களுக்குத் தொல்லை என்பதைத் தவிர இதனால் எந்தப் பயனும் இல்லை. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இது பதற்றத்தில் எடுத்த முடிவு.”

சொல்ல வந்த திசை சரி. ஆனால் இதை அனுப்பியிருந்தால் ஐந்து நிமிடத்தில் தோற்றிருக்கும். காரணங்களை வரிவரியாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் மறுப்பு எழுதும் பலரும் இதே வரிகளைத்தான் எழுதுகிறார்கள்.

‘எந்தப் பயனும் இல்லை’ என்பதை உடைக்க ஒரே ஓர் எதிர் உதாரணம் போதும். நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது, அவர்களில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்றால், கடவுச்சொல்லை மாற்றுவதில் கண்கூடான பயன் உண்டு. அதை யாராவது சொன்னதும், எழுதிய மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தேவைக்கு மேல் அகலமாக மறுப்பதுதான் மரியாதையான மறுப்புகளும் தோற்கும் முதல் இடம்.

‘உலகம் முழுக்கக் கைவிட்டுவிட்டார்கள்’ என்பது உண்மையும் அல்ல. கட்டண அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரவிதி, கடவுச்சொல் ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் கணக்குகளில் 90 நாளுக்கு ஒருமுறை மாற்றுவதை இன்றும் ஒரு வழியாக வைத்திருக்கிறது. இதைத் தெரிந்த ஒருவர் அறையில் இருந்தால் கதை முடிந்தது.

பில் பர் வருந்தியது உண்மைதான். ஆனால் ஒருவருடைய வருத்தம் சான்றாகாது. அதைவிட, ‘எழுதியவருக்கே புரிந்துவிட்டது, உங்களுக்கு இன்னும் புரியவில்லை’ என்று அந்த வரி மறைமுகமாகச் சொல்லிவிடுகிறது. படிக்கிறவருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

‘தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்ற தொடர் பணிவுபோல் தெரிந்தாலும், அடுத்து வருவது புண்படுத்தும் என்று எழுதியவருக்கே தெரிந்திருப்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அந்தத் தொடரை எழுதத் தோன்றினால் அதற்கு அடுத்த பகுதியைத்தான் திருத்த வேண்டும். இங்கே அடுத்து வருவது ‘பதற்றத்தில் எடுத்த முடிவு’. கருத்தை விட்டுவிட்டு, கருத்து வைத்தவர்களின் மனநிலையை மதிப்பிடும் சொல். ஏழு பேருடைய மனதுக்குள் என்ன இருந்தது என்று எழுதியவருக்குத் தெரியாது.

எதை மறுக்கிறோம்?

மறுநாள் அவர் செய்தது, ஏழு பேரும் ஒப்புக்கொண்ட அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்த்தது. நான்கு கிடைத்தன. நடந்தது அற்பமான விஷயமல்ல, ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பது ஒன்று. திருடுபோன கடவுச்சொல் நெடுநாள் வேலை செய்யக்கூடாது என்பது இன்னொன்று. குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை எல்லாரையும் மாற்ற வைத்தால் அது நடக்கும் என்பது மூன்றாவது. 30 நாள் என்ற விதி முன்பே இருந்திருந்தால் இந்தத் திருட்டு நடந்திருக்காது என்பது நான்காவது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் யோசனையைத் தாங்கி நின்றது இதுதான்.

முதல் இரண்டும் அவருக்கும் முழுச் சம்மதம். மூன்றாவது பாதி சரி. நான்காவதுதான் அவர் மறுக்க விரும்பியது. ஆக, ‘அடிக்கடி மாற்றுவது வீண்’ என்ற பெரிய மறுப்பு, ‘இந்தச் சம்பவத்தை 30 நாள் விதி தடுத்திருக்காது’ என்று சுருங்கிவிட்டது. சுருங்கியதால் வலுவும் கூடியது, ஏனென்றால் இதைச் சரிபார்க்க உள்நுழைவுப் பதிவு இருக்கிறது.

உள்நுழைவுப் பதிவும் அந்த ஊழியரின் உலாவிப் பதிவும் சேர்ந்து சொன்னது இது. அந்த ஊழியர் காலை 10:20-க்கு ஒரு கடிதத்தில் வந்த இணைப்பை அழுத்தி, மின்னஞ்சலின் உள்நுழைவுப் பக்கம் போலவே இருந்த ஒரு போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை உள்ளிட்டிருக்கிறார். 11:00 மணிக்கு வெளியாள் அதே கடவுச்சொல்லோடு உள்ளே வந்திருக்கிறார். 12:30-க்குள் மூன்று கடிதங்களும் போய்விட்டன. திருட்டுக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே 40 நிமிடம்.

இங்கே ஓர் எளிய கணக்கு உதவும். 90 நாள் விதியில் கடவுச்சொல் ஏதோ ஒரு நாளில் திருடுபோனால், அது காலாவதியாக இன்னும் சராசரியாக 45 நாள் இருக்கும். 30 நாள் விதியில் சராசரியாக 15 நாள். 45-ஐ 15 ஆக்குவது நல்ல குறைப்புதான். சத்தமில்லாமல் மாதக்கணக்கில் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கும் திருடனுக்கு எதிராக அது வேலை செய்யும். 40 நிமிடத்தில் காரியத்தை முடிப்பவனுக்கு எதிராக 15 நாளும் ஒன்றுதான், 45 நாளும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டைச் சொல்லும்போது எதிர்த்தரப்பின் யோசனை எந்த இடத்தில் சரி என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. தனியாகப் புகழ வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

‘உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால்…’ என்று தொடங்கும் வரிகள் பயன் தராததற்குக் காரணமும் இதுவே. அந்தப் பாராட்டு எந்த யோசனைக்கும் பொருந்தும். ‘நீண்ட நாள் ஒளிந்திருக்கும் திருடனை உங்கள் யோசனை பிடிக்கும்’ என்பது இந்த யோசனைக்கு மட்டும்தான் பொருந்தும். பின்னால் வரும் ‘ஆனால்’ அதை அழித்துவிடாது.

முன்மொழிந்தவரிடம் போனது

குறிப்பை எல்லாருக்கும் கொடுக்கும் முன் அவர் நிர்வாக அலுவலரைத் தனியாகப் பார்த்தார். மனதை மாற்றுவதற்காகப் போகவில்லை. அவர் சொன்னதைத் தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்கத்தான்.

“சார், திருடுபோன பாஸ்வேர்ட் ரொம்ப நாள் வேலை செய்யக்கூடாது, அதுக்காகத்தான் 30 நாள்னு சொன்னீங்க. சரியா புரிஞ்சுக்கிட்டேனா?”

“அது மட்டும் இல்லம்மா. வேலையை விட்டுப் போனவங்க கணக்கெல்லாம் நாம ஒழுங்கா மூடுறதே இல்ல. மூணு மாசம் முன்னாடி போனவரோட கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கு. 30 நாள்னு வெச்சா அதுவா மூடிக்கும்ல.”

இது கூட்டத்தில் வராத காரணம். உதவிப் பிரிவுப் பெண்ணுக்கும் தெரியாது. மறுப்பு எழுதுபவர்கள் எதிர்த்தரப்பின் காரணத்தை ஊகித்து, அந்த ஊகத்தையே அடித்து நொறுக்கி எழுதுவது வழக்கம். நேரில் கேட்காமல் எழுதியிருந்தால் இவரும் அப்படித்தான் அலுவலர் நினைக்காத ஒன்றை முறியடித்திருப்பார். அலுவலரும் கூட்டத்தில் ‘நான் சொன்னது அது இல்லையே’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்.

கேட்கும் விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ‘சரியா புரிஞ்சுக்கிட்டேனா?’ என்பது பதிலை உண்மையாகவே எதிர்பார்க்கும் கேள்வி. ‘40 நிமிஷத்துல உள்ள வந்தவனை இது எப்படி சார் தடுக்கும்?’ என்று கேட்டிருந்தால் அது கேள்விக்குறி போட்ட மறுப்பு. பதில் தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வியை எதிரில் இருப்பவர் உடனே கண்டுகொள்வார், அதன் பிறகு வாய்திறந்து எதையும் சொல்ல மாட்டார்.

கொடுக்கப்பட்ட குறிப்பு

இறுதியில் ஒன்பது பேருக்கும் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே போன குறிப்பு ஒரு பக்கத்துக்குள் இருந்தது:

“30 நாள் யோசனை இரண்டு சிக்கல்களைக் குறிவைக்கிறது: திருடுபோன கடவுச்சொல் நெடுநாள் வேலை செய்வது, விலகியவர்களின் கணக்கு திறந்தே கிடப்பது. இரண்டும் நம்மிடம் உண்மையாகவே இருக்கின்றன.

எனக்கு மாறுபாடு உள்ள இடம் ஒன்றுதான். கடந்த வாரம் நடந்ததை இந்த விதி தடுத்திருக்காது என்று நினைக்கிறேன். கடவுச்சொல் போலிப் பக்கத்தில் போனது 10:20, வெளியாள் நுழைந்தது 11:00. பதிவின் நகல் இணைப்பில் இருக்கிறது.

இந்த விதியால் ஒரு பக்கவிளைவும் வரலாம். அடிக்கடி மாற்றச் சொன்னால், புதிதாக ஒன்றை யோசிப்பதை விட்டுப் பழையதிலேயே ஓர் எண்ணை மட்டும் கூட்டுவது மனித இயல்பு. `Mazhai@07` அடுத்த மாதம் `Mazhai@08` ஆகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் விதி இருந்த ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் 10,000-க்கு மேற்பட்ட பழைய கணக்குகளை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், பழைய கடவுச்சொல் தெரிந்தால் 41 சதவீதம் புதியவற்றைச் சில நொடிகளில் உடைக்க முடிந்தது.

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், நாள் கணக்கு வைத்து மாற்றக் கட்டாயப்படுத்த வேண்டாம், திருடுபோனதற்கான அடையாளம் தெரிந்தால் உடனே மாற்ற வைக்க வேண்டும் என்று 2017-இல் சொன்னது. இதற்கு மாறான விதியும் உண்டு: கட்டண அட்டைத் துறையின் தரவிதிக்கு உட்பட்ட கணினிகளில் கடவுச்சொல் மட்டுமே இருந்தால் 90 நாள் கெடு ஒரு வழியாக இன்னும் இருக்கிறது. எனவே நம் பணம் செலுத்தும் கணினியில் இப்போதுள்ள 90 நாள் விதியைத் தளர்த்தச் சொல்லவில்லை.

மாற்று யோசனை: மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கும் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு, விலகுபவரின் கணக்கை விலகும் நாளிலேயே மூடுவது, சந்தேகம் வந்தவுடன் கடவுச்சொல் மாற்றம். இரண்டாம் அடுக்கும் முழுக் காப்பு அல்ல; போலிப் பக்கம் அந்த ஓடிபியையும் கேட்டு வாங்கி உடனே பயன்படுத்த முடியும். ஆனால் கடவுச்சொல் மட்டும் கையில் இருப்பவரை அது வாசலிலேயே நிறுத்தும்.

திருட்டு நடந்து பல வாரம் கழித்துக் கடவுச்சொல் பயன்பட்ட நிகழ்வு நம் பதிவில் ஒன்று இருந்தாலும் நான் 30 நாளை ஏற்றுக்கொள்கிறேன்.”

கடைசி வரி விவாதத்தின் போக்கையே மாற்றியது. எதைக் கண்டால் தன் மனம் மாறும் என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மற்றவர்களுக்கு இப்போது தேடிப்பார்க்க ஒரு பொருள் கிடைத்துவிட்டது. நிர்வாக அலுவலர் கணினிப் பொறியாளரிடம் சொல்லி ஓராண்டுப் பதிவைப் புரட்டச் சொன்னார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை; ஆனால் தேடியவர்கள் அவர்கள், கண்டவர்களும் அவர்கள். வேறொருவர் சொல்லி ஏற்பதற்கும் தானே தேடிப் பார்த்து ஏற்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. தனக்கு எதிரான விதியைத் தானே எடுத்து வைத்ததும் இதே வேலையைத்தான் செய்தது. அதை வேறொருவர் கண்டுபிடித்து மேசையில் போட்டிருந்தால் மறைத்ததாக ஆகியிருக்கும்.

வெளிச்சான்று எவ்வளவு என்பதிலும் அவர் கட்டுப்பாட்டோடு இருந்தார். பிரிட்டனின் அரசு இணையப் பாதுகாப்பு அமைப்பும் இதே அறிவுரையைத் தருகிறது. விண்டோஸுக்கான தன் பரிந்துரைகளில் இருந்து கடவுச்சொல் காலாவதியை மைக்ரோசாஃப்ட் 2019-இல் நீக்கியது. இவை எல்லாம் அவருக்குத் தெரியும், எழுதவில்லை. உள்ளூர்ப் பதிவு ஒன்று, வெளி ஆய்வு ஒன்று, விதி இரண்டு. அதற்கு மேல் அடுக்கினால் படிப்பவர் எதையும் சரிபார்க்க மாட்டார், ஆள்பலம் காட்டுவதாகவே எடுத்துக்கொள்வார்.

கூட்டத்தில் சறுக்கிய இரண்டு இடங்கள்

முதல் சறுக்கல் அந்த 41 சதவீதத்தில். பொறியாளர் கேட்டார்:

“மேடம், அந்த 41 சதவீதம், பாஸ்வேர்ட் கோப்பையே திருடிட்டுப் போய்த் தன் கணினியில வெச்சு உடைக்கிறவங்களுக்குத்தானே? நம்ம கணினி அஞ்சு தடவை தப்பா போட்டா பூட்டிக்குமே. நமக்கு அது எப்படிப் பொருந்தும்?”

சரியான கேள்வி. அந்த எண், கணக்கற்ற முறை ஊகிக்க வாய்ப்புள்ள நிலைக்கு உரியது. பூட்டு இருக்கும் இடத்துக்குப் பொருந்தும் எண் அதே ஆய்வில் வேறொன்று இருக்கிறது: பழைய கடவுச்சொல் தெரிந்தால் 17 சதவீதக் கணக்குகளில் ஐந்து ஊகங்களுக்குள் புதியதைப் பிடித்துவிட முடிந்தது. குறிப்பு எழுதியவர் இரண்டில் பெரியதை எடுத்துவிட்டார். மறுப்பவர்களுக்கு இந்த ஆசை எப்போதும் வரும். நம் நிலைமைக்குப் பொருந்தும் சிறிய எண் இருக்கும்போது பொருந்தாத பெரிய எண்ணை எடுக்கக் கூடாது.

அவர் அதற்குச் சொன்ன பதில்:

“நீங்க சொல்றது சரி. நம்ம பூட்டு இருக்கறதால 41 இங்க பொருந்தாது, குறிப்புல இருந்து எடுத்துடறேன். அஞ்சு தடவைக்குள்ளன்னு பார்த்தா அதே ஆய்வுல 17 சதவீதம். ஆறுல ஒண்ணு. அதை வெச்சு மட்டும் பேசலாம்.”

விட்டுக்கொடுத்தது எது, எதனால், மிச்சம் என்ன என்று மூன்றும் அந்தப் பதிலில் இருந்தன. ‘இருக்கலாம், ஆனாலும்…’ என்று இழுத்திருந்தால் விட்டுக்கொடுத்ததாகவே கணக்கில் வராது. இப்படிச் சொன்ன பிறகு அந்தப் பொறியாளரே குறிப்பின் மற்ற பகுதிகளுக்கு ஆதரவாகப் பேசத் தொடங்கினார்.

இரண்டாவது சறுக்கல் கொஞ்சம் கடினமானது. கணக்குப் பிரிவுத் தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “30 நாள்னா பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு உங்ககிட்ட வர்ற கூட்டம் மூணு மடங்காகும். அதான் வேண்டாங்கறீங்க.”

இது உண்மையும்கூட. ஒவ்வொரு கெடு வாரத்திலும் முப்பது பேராவது வந்து நிற்கிறார்கள், அதைச் சமாளிப்பவர் அவர்தான். முகம் சிவந்து ‘என் வேலைக்காக நான் பேசலை’ என்று சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். அவர் சொன்னது:

“ஆமா மேடம், என் வேலை கூடும். அந்தக் காரணத்தை ஒதுக்கி வெச்சுட்டே பாருங்க. 10:20, 11:00 ரெண்டும் பதிவுல இருக்கு, அது நான் சொல்றதைப் பொறுத்து மாறாது.”

நல்ல பதில். இருந்தாலும், தேவைப்பட்டிருக்கவே கூடாத பதில். தனக்கு இதில் சொந்த லாபம் இருக்கிறது என்பதைக் குறிப்பின் இரண்டாவது பத்தியிலேயே ஒரு வரியில் எழுதியிருக்க வேண்டும்: ‘30 நாள் வந்தால் என் பிரிவுக்கு வேலை கூடும், அதைக் கருத்தில் வைத்து இதைப் படியுங்கள்.’ தானே சொன்னால் அது தகவல், பிறர் சொன்னால் குற்றச்சாட்டு. பெரும்பான்மைக்கு எதிராகப் பேசுபவரின் லாபம் என்ன என்பதுதான் கேட்பவர்கள் முதலில் தேடுவது. அதைத் தேடவிடாமல் முன்னால் வைத்துவிடுவது நல்லது. அந்தக் குறிப்பின் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

கணக்குப் பிரிவுத் தலைவரின் பேச்சில் கேலி இருந்ததா, உண்மையான சந்தேகம் இருந்ததா என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு பதில் சொன்னால், சந்தேகமாக இருந்தால் தீரும். கேலியாக இருந்தால் அங்கேயே ஓயும்.

எவ்வளவு ஏற்கப்பட்டது

முழு வெற்றி கிடைக்கவில்லை. 30 நாள் யோசனையை நிர்வாக அலுவலரே திரும்பப் பெற்றார். ஆனால் மின்னஞ்சலுக்கு 90 நாள் கெடுவை உடனே எடுத்துவிடலாம் என்று பொறியாளர் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை:

“முதல்ல 120 பேருக்கும் இரண்டாம் அடுக்கு வரட்டும். வந்த பிறகு 90 நாளை எடுக்கறதைப் பத்திப் பேசலாம். பழைய பூட்டைக் கழட்டிட்டுப் புதுப் பூட்டு வாங்கப் போகக் கூடாது.”

இந்த வரிசை குறிப்பில் இல்லை. எழுதியவர் மாற்று யோசனைகளைச் சொன்னாரே தவிர எது முன், எது பின் என்று சொல்லவில்லை. நடைமுறையில் அதுதான் பாதி பாதுகாப்பு. எதிர்த்தரப்பில் இருந்தவரின் திருத்தத்தால் யோசனை மேம்பட்டது, அந்தத் திருத்தம் அவர் பெயரிலேயே கூட்டக் குறிப்பில் ஏறியது. இது மரியாதைக்காகச் செய்த சலுகை அல்ல. தன் கை பட்ட முடிவை ஒருவர் நடைமுறையிலும் காப்பாற்றுவார்.

இன்னொரு கோரிக்கையும் வந்தது: மூன்று மாதம் கழித்து இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது என்பதையும் அப்போதே எழுதிக்கொண்டார்கள். இரண்டாம் அடுக்கு எத்தனை பேருக்கு வந்தது, விலகியவர்களின் கணக்கு அதே நாளில் மூடப்பட்டதா, பழைய கடவுச்சொல்லால் நடந்த நுழைவு முயற்சி ஏதாவது பதிவில் உண்டா என்று மூன்று கேள்விகள். மூன்றாவதற்கு ‘உண்டு’ என்று பதில் வந்தால் 30 நாள் யோசனை மறுபடியும் மேசைக்கு வரும் என்று குறிப்பிட்டார்கள். அளவுகோலை முடிவுக்குப் பிறகு வகுத்தால் அவரவர் தமக்குச் சாதகமானதைத்தான் எடுப்பார்கள்.

நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பொதுக் கணக்கைப் பற்றி அன்று முடிவு எட்டவில்லை. ஆளுக்கொரு கணக்கு கொடுப்பதே முறை, ஆனால் அதற்கு அந்த மென்பொருளில் வசதி இல்லை. அதற்கு மட்டும் 30 நாள் என்று வைத்தார்கள், நால்வரில் யார் விலகினாலும் அன்றே மாற்றுவது என்ற நிபந்தனையோடு. உதவிப் பிரிவுப் பெண் இதை மறுக்கவில்லை. முதல் வரைவில் அவர் ‘எந்தப் பயனும் இல்லை’ என்று எழுதிய அதே விதி, இந்த ஓரிடத்தில் சரியான விதி.

ஏழு பேரில் இருவர் கடைசிவரை மாறவில்லை. அடிக்கடி மாற்றுவது கூடுதல் காப்புதான் என்பது அவர்கள் நிலை. அவர்கள் கருத்தும் காரணத்தோடு கூட்டக் குறிப்பில் பதிவானது; மூன்று மாத மறுபார்வையின்போது முதலில் பேசுவது அவர்கள் இருவரும் என்று முடிவாயிற்று.